பாஸ்வேர்டு சரி, ஆனாலும் கன்சோல் வைஃபையில் சேரவில்லை: என் அனுபவம்

புதிதாக வாங்கிய கேம் கன்சோல் வீட்டு வைஃபையைப் பட்டியலில் காட்டும், பாஸ்வேர்டு கொடுத்ததும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இணைக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லும். அதே பாஸ்வேர்டில் பழைய போன், டிவி எல்லாம் ஒழுங்காக ஓடின. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தேன், உடனே சேர்ந்துவிட்டது. அப்போ கோளாறு கன்சோலில் இல்லை.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (என் வீட்டில் 192.168.1.1) வயர்லெஸ் பகுதிக்குள் MAC Filter என்று ஒன்று, Allow நிலையில் இருந்தது. MAC முகவரி என்பது சாதனத்தின் நெட்வொர்க் பகுதிக்கு உரிய அடையாள எண். Allow நிலையில், பட்டியலில் அந்த முகவரி உள்ள சாதனங்களை மட்டுமே ரவுட்டர் சேர்க்கும். மற்றவற்றைக் காரணம் சொல்லாமல் தள்ளிவிடும், அதனால்தான் பார்ப்பதற்குப் பாஸ்வேர்டு தப்பு மாதிரியே தெரிகிறது.

கன்சோலின் நெட்வொர்க் அமைப்பில் இரண்டு MAC முகவரிகள் இருந்தன, கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. வைஃபைக்கு உரிய 12 எழுத்து-எண்களைப் பட்டியலில் சேர்த்துச் சேமித்தேன், கன்சோல் உடனே இணைந்தது. கேபிள் முகவரியைச் சேர்த்தால் வைஃபை அப்படியேதான் மறுக்கும்.

என்னைக் கேட்டால் இந்த வடிகட்டியை அணைத்துவிடுவதே நல்லது, அனுமதி பெற்ற முகவரியை வேறொருவர் எளிதாகப் போலி செய்துவிடலாம். வலுவான பாஸ்வேர்டோடு WPA2 அல்லது WPA3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை போதும்.