மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைக் காப்பியடிப்பவர்கள் எந்தத் தவறுகளைச் செய்யக் கூடாது?

சுற்றுச்சூழல் ஒப்பந்தம் என்றாலே மாண்ட்ரியலைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். ஓசோனை அரிக்கும் சிஎஃப்சி வாயுக்களைக் குளிர்சாதனப் பெட்டிகளிலிருந்தும் தெளிப்பான்களிலிருந்தும் விரட்டியது அதுதான். ஆனால் "அறிவியல் சொன்னது, உலகம் கேட்டது" என்று அதைச் சுருக்கிவிட்டால் தவறான பாடத்தைத்தான் படிப்போம்.

அதைப் பார்த்துப் புதிய ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் செய்யக்கூடிய முதல் தவறு, ஆரம்பத்திலேயே முழுத்தடை கேட்டு அடம்பிடிப்பது. 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் சோப்ளாங்கியாகவே இருந்தது. ஐந்து வகை சிஎஃப்சிகளை அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதற்கு மேல் அது கேட்கவில்லை. அண்டார்டிகாவின் ஓசோன் துளைக்கு சிஎஃப்சிதான் காரணம் என்பது அப்போது ஐயமற நிறுவப்பட்டிருக்கவும் இல்லை. அதன் பலம் வேறு இடத்தில் இருந்தது. பட்டியலில் ஏற்கெனவே உள்ள பொருளுக்கான கெடுவை இறுக்க வேண்டுமானால், உறுப்பு நாடுகள் கூடி முடிவெடுத்தால் போதும். ஒருமித்த கருத்து எட்டாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றமும் மறுபடி ஒப்புதல் தரக் காத்திருக்க வேண்டியதில்லை. 1990இல் லண்டனில் பாதிக் குறைப்பு முழுத்தடையானது, கெடு 2000. 1992இல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகளுக்கான கெடு 1996 ஆக முன்னுக்கு வந்தது. தொடக்க எண்ணுக்காகச் சண்டை போடுகிறவர்கள், அந்த எண்ணை மாற்றும் வழியைத்தான் முதலில் எழுத வேண்டும்.

இரண்டாவது, கையெழுத்துப் போடாதவர்களுக்கு வாசலைத் திறந்து வைப்பது. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒப்பந்தம் வரம்பு வைத்தவற்றில் ஒன்றான ஒரு நாட்டின் நுகர்வு என்பது உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழித்து வருவது. 100 டன் செய்து, 10 டன் வாங்கி, 40 டன் விற்றால் நுகர்வு 70 டன். ஆனால் 1993 முதல், ஒப்பந்தத்தில் சேராத நாட்டுக்கு விற்றதைக் கழிக்க முடியாது என்று ஒரு விதி இருந்தது. அந்த 40 டன்னும் அப்படிப்பட்ட நாட்டுக்குப் போயிருந்தால் கணக்கு 110 ஆகிவிடும். விற்றவரின் சொந்தப் பங்கு கரையும். இதோடு வணிகத் தடையும் சேர்ந்தபோது, வெளியே நிற்பதில் லாபம் எதுவும் மிஞ்சவில்லை.

ஆனால் தடியை மட்டும் நம்பியிருந்தால் இந்தியாவும் சீனாவும் சேர்ந்திருக்காது. வளரும் நாடுகளுக்குத் தரப்பட்ட பத்தாண்டு அவகாசம் மட்டும் போதாது, மாற்றத்துக்கான செலவை யார் தருவது என்று அவை கேட்டன. நியாயமான கேள்வி, இந்த வாயுக்களை நிரப்பி வைத்தவர்கள் பணக்கார நாடுகள்தானே. லண்டனில் பலதரப்பு நிதியம் பிறந்தது. முதல் மூன்றாண்டுக்கு 16 கோடி டாலர், இவ்விரு நாடுகளும் சேர்ந்தால் 24 கோடி. சீனா 1991இலும் இந்தியா 1992இலும் சேர்ந்தன. இங்கே செய்யக்கூடாத தவறு, பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாக்குறுதியை நம்புவது. இந்தியாவின் சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்த 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது; நம் மேட்டூரில் இருந்த ஆலையும் அதில் அடக்கம். அந்தத் தொகை ஆண்டுத் தவணைகளாக, உற்பத்தி குறைந்ததைச் சரிபார்த்த பிறகே வந்தது. கெடு 2010; ஆனால் ஆஸ்துமா மருந்துத் தெளிப்பான் போன்ற விலக்குகள் நீங்கலாக, 2008இலேயே உற்பத்தி நின்றது.

கடைசித் தவறுதான் அதிகம் வலிக்கும்: நாடுகள் அனுப்பும் அறிக்கையையே உண்மை என்று எடுத்துக்கொள்வது. 1990களின் நடுவில் அமெரிக்காவுக்குள் புதிய சிஎஃப்சி உருளைகள் 'மறுசுழற்சி செய்யப்பட்டவை' என்ற பெயரில் கடத்தப்பட்டன. மறுசுழற்சிச் சரக்குக்கு விலக்கு இருந்தது. புதியதா பழையதா என்று உருளையைப் பார்த்துச் சொல்வது சுலபமல்ல.

பிறகு சிஎஃப்சி-11 என்ற வகை. 2010க்குப் பின் உலகின் உற்பத்தி அறிக்கைகளில் அது ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் 2018இல் வெளியான ஆய்வு, காற்றில் அதன் அளவு குறையும் வேகம் 2012க்குப் பிறகு மந்தமாகிவிட்டதைக் காட்டியது. யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. தென்கொரியாவின் ஜேஜு தீவிலும் ஜப்பானின் ஹத்தெருமா தீவிலும் இருந்த அளவீட்டு நிலையங்கள் காற்று வந்த திசையைப் பின்தொடர்ந்தன. தடம் கிழக்குச் சீனாவின் ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களில் முடிந்தது. நுரைப்பஞ்சு தயாரிப்பாளர்கள் மலிவு கருதி அதைப் பயன்படுத்தியதாகப் புலனாய்வுகள் கூறின. சோதனைகளும் கைதுகளும் நடந்தன; 2019க்குள் வெளியேற்றம் மளமளவென்று சரிந்தது.

அப்போதும் அந்த நிலையங்களின் அளவீடுகளை ஆராய்ந்தவர்களால் கூடுதல் வெளியேற்றத்தில் 40 முதல் 60 சதவீதத்துக்கு மட்டுமே இடம் காட்ட முடிந்தது. மீதியை அளக்கக் காற்றுப் பாதையில் நிலையமே இருக்கவில்லை.