எஸ்.பி.சி. 14 டன்: எங்கிருந்து அளந்த ஆழத்தில்?

பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு நாலு மாடிக் கட்டடம். வானம் தோண்டி முடித்து, மறுநாள் காலை ஃபுட்டிங்குக்கு அடியில் வரும் பிசிசி கான்கிரீட் போட வேண்டும். குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் களிமண், கட்டைவிரலால் அழுத்தினால் சுலபமாக உள்ளே போகிறது. மேஸ்திரி டேப்பைப் பிடித்துக் காட்டினார். ஆழம் சரியாக 2.6 மீட்டர், மண் பரிசோதனை ரிப்போர்ட்டில் சொன்ன அதே ஆழம். ஆனால் ரிப்போர்ட்டின்படி 2.6 மீட்டரில் இருக்க வேண்டியது வண்டல் கலந்த மணல்.

தவறு எளிமையானது. மண்ணைச் சோதிக்க போர் போட்டது மே மாதம், பழைய தரைமட்டத்தில். அதன் பிறகு மனை சாலையைவிடப் பள்ளமாக இருக்கிறது என்று ஒரு மீட்டர் மண் கொட்டி நிரப்பினார்கள். நாங்கள் நிரப்பிய மட்டத்திலிருந்து 2.6 மீட்டர் அளந்தோம். பழைய தரையிலிருந்து பார்த்தால் 1.6 மீட்டர்தான் போயிருந்தோம்.

அந்த போர்லாக்கில், அதாவது ஆழவாரியான மண் பதிவில், இருந்தது இதுதான். 0.9 மீட்டர் வரை பழைய நிரப்பு மண். அங்கிருந்து 2.4 வரை சி.எச்., அதாவது நீர் பட்டால் நன்றாக உப்பக்கூடிய களிமண். 2.4 முதல் 5 வரை எஸ்.எம்., வண்டல் மணல். அதற்குக் கீழே கெட்டிக் களிமண். நிலத்தடி நீர் 3.4 மீட்டரில். கடைசிப் பக்கத்தில் பரிந்துரை: 2.6 மீட்டர் ஆழத்தில், 2 மீட்டர் அகல ஃபுட்டிங்குக்கு, நிகர எஸ்.பி.சி., அதாவது மண் பாதுகாப்பாகத் தாங்கும் பாரம், சதுர மீட்டருக்கு 14 டன்.

நம்மில் பலர் கடைசிப் பக்கத்தைத் திறந்து அந்த 14-ஐ மட்டும் டைரியில் எழுதிக்கொள்கிறோம். 14 என்பது அந்த மனையின் குணம் அல்ல. அந்த ஆழத்தில், அந்த அகலத்தில், ரிப்போர்ட் ஏற்றுக்கொண்ட அமிழ்வுக்குக் கிடைத்த விடை. மூன்றில் ஒன்று மாறினாலும் விடை மாறும். அதனால் டைரியில் எழுதும்போது நான்கையும் சேர்த்து எழுதுங்கள். கூடவே போர்ஹோல் வாயின் மட்டம் எந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து எடுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மட்டம் ரிப்போர்ட்டில் இல்லையென்றால், நிரப்பும் மண் இறங்குவதற்கு முன்பே நீங்களே லெவல் எடுத்து வைத்துவிட வேண்டும். மண் கொட்டிய பிறகு பழைய தரையைத் தேடுவது பெரும்பாடு.

களிமண்ணிலேயே நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1.5 மீட்டரில் எடுத்த எஸ்.பி.டி. என்ற சுத்தியல் சோதனையில் அடிகளின் எண்ணிக்கை 2, 2, 3 என்று இருந்தது. இங்கே இன்னொரு வழக்கமான தவறு. மூன்றையும் கூட்டி 7 என்பார்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் ஒவ்வொரு 15 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுகிறார்கள். முதல் 15 செ.மீ. போர் போடும்போது கலைந்த மண்ணைத் தாண்டுவதற்கு, அது கணக்கில் சேராது. கடைசி இரண்டின் கூட்டுத்தொகைதான் N. ஆக இங்கே N = 2 + 3 = 5. தோராயக் கணக்கில் அப்படிப்பட்ட களிமண் தாங்குவது 7, 8 டன். நாம் ஏற்ற இருந்தது 13. அதோடு அமிழ்வும் மழைக்கால உப்பலும் தனி.

மணலில் 3 மீட்டரில் 4, 7, 9, அதாவது N 16. 4.5 மீட்டரில் களத்தில் வந்தது 21, மேலே உள்ள மண்ணின் பாரத்துக்குத் திருத்தியபின் 23. அது நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் இன்னொரு திருத்தமும் உண்டு. நீரில் மூழ்கிய நுண்மணலிலும் வண்டலிலும் சுத்தியல் அடிக்கும் அந்த நொடியில் மண்துகள்கள் விரியப் பார்க்கும், தண்ணீரோ அவ்வளவு வேகமாக உள்ளே வர முடியாது. அதனால் மண் உண்மையைவிட இறுக்கமாக இருப்பதுபோல் காட்டும். ஐ.எஸ். 2131 இதற்குத் தரும் கணக்கு, 15-க்கு மேல் உள்ளதில் பாதியை மட்டும் எடுப்பது:

15 + ½ (23 − 15) = 19

ஆக லாக்கில் 21, கணக்குப் பக்கத்தில் 19. ரிப்போர்ட்டுக்குள் இரண்டு எண்கள் முரண்படுகின்றன என்று பதற வேண்டாம். எது களத்தில் வந்தது, எது திருத்தியது என்று தலைப்பைப் படித்தால் போதும். ஏற்கெனவே திருத்திய எண்ணை எடுத்து மறுபடி திருத்துவதுதான் ஆபத்து. இதற்கு நேர்மாறும் நடக்கும். போருக்குள் தண்ணீர்மட்டம் வெளியே இருப்பதைவிடத் தாழ்ந்துவிட்டால், அடியிலிருந்து மணல் பொங்கித் தளர்ந்து, N பொய்யாகக் குறைந்து வரும். ஒரே மணல் அடுக்கில் 16, 6, 21 என்று வந்தால், நடுவில் உள்ள 6-ஐப் பற்றி ஆய்வுக்கூடத்தாரிடம் கேட்டே ஆகவேண்டும். அது உண்மையிலேயே தளர்ந்த மண்ணாகவும் இருக்கலாம்.

சரி, எங்கள் குழிக்கு வருவோம். பிசிசியை நிறுத்திவிட்டு, இன்னும் ஒரு மீட்டர் தோண்டச் சொன்னோம். 3.5 மீட்டர் நெருங்கும்போதே பழுப்பு மணல் வந்துவிட்டது. இனி 14 டன் என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. இது பலருக்குத் தெரியாத இடம். நிகர எஸ்.பி.சி. என்றால், போர் போட்ட நாளில் அந்த மட்டத்துக்கு மேலே இருந்த மண்ணின் எடை போக, மண் கூடுதலாகத் தாங்கக்கூடியது. பழைய தரைக்கு மேல் நாம் கொட்டிய ஒரு மீட்டர் மண், சதுர மீட்டருக்குச் சுமார் 1.8 டன், புதிய பாரம். அது 14-லிருந்துதான் போகும். கையில் மிஞ்சுவது 12.2.

ஒரு தூணின் பாரம் 52 டன். 2 மீட்டர் சதுர ஃபுட்டிங்கில் அது சதுர மீட்டருக்கு 13 டன், 14-க்குள் அடங்கியிருந்தது. 12.2-க்குள் அடங்காது. 52-ஐ 12.2-ஆல் வகுத்தால் 4.26 சதுர மீட்டர் வேண்டும், ஆகவே 2.1 மீட்டர் சதுரம். வித்தியாசம் பத்து சென்டிமீட்டர்தான், ஆனால் வரைபடம் மாற வேண்டும். பூமிக்குள் இருக்கும் தூணின் உயரமும் ஒரு மீட்டர் கூடியதால் டிசைனரிடம் திருப்பி அனுப்பினோம். மனை முழுக்கப் பரவிய அதே 1.8 டன் 5 மீட்டருக்குக் கீழே உள்ள களிமண்ணையும் அமுக்கும் என்பதால், அமிழ்வுக் கணக்கை ஆய்வுக்கூடத்தாரிடம் மறுபடி போடச் சொன்னோம்.

அப்புறம் தண்ணீர். லாக்கில் இருக்கும் 3.4 மீட்டர் மே மாதத்து மட்டம். சென்னையில் நவம்பரில் அது எங்கே இருக்கும் என்று நமக்குத் தெரியும். கணக்குப் பக்கத்தில் நீர்மட்டத்தை எவ்வளவு என்று எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தரைமட்டம் வரை வரும் என்று எடுத்திருந்தால் கவலையில்லை. 3.4 என்றே எடுத்திருந்தால், நீர் ஏறும்போது ஃபுட்டிங்குக்குக் கீழே உள்ள மணலின் பயன்படும் எடை ஏறக்குறைய பாதியாகி, தாங்குதிறனும் இறங்கும். எங்கள் ரிப்போர்ட்டில் தரைமட்டம் என்றே எடுத்திருந்தார்கள்.

ஆனால் மழை தொடங்கியதும் கடைசி இரண்டு குழிகளில் தண்ணீர் ஊறியது. குழியின் மூலையிலேயே பம்பை வைத்து இறைக்க, அடிமணல் கொதிப்பதுபோல் பொங்கிக் கால் புதைந்தது. N 16 என்று லாக் சொன்ன மணல் அது! பம்பை நிறுத்தி, குழிக்கு வெளியே இன்னும் ஆழமான கிணறு போட்டு அதிலிருந்து இறைத்தோம். நீர் குழியின் அடிக்குக் கீழே இறங்கிய பிறகு, கலைந்த மணலை வெட்டி எடுத்து, அந்த அளவுக்கு மெலிந்த கான்கிரீட் நிரப்பி, அதன் மேல்தான் பிசிசி போட்டோம்.