மேடையில் பேச எழுதிய உரையிலிருந்து தயக்கச் சொற்களைக் களைவது எப்படி?

சென்ற ஆண்டு மே 1 அன்று எங்கள் ஊராட்சியின் கிராம சபையில் வடக்குத் தெருவின் குடிநீர்ப் பிரச்சினையைப் பற்றிப் பேசினேன். எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். ஆனால் பேசி முடித்தபோது, "சரி, பார்ப்போம்" என்ற பதிலோடு கூட்டம் அடுத்த பொருளுக்கு நகர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் படித்தேன். நான் எழுதியிருந்த ஒவ்வொரு வாக்கியமும் தான் சொன்னதைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதைப் போல முடிந்திருந்தது. ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு அதைத் திருத்தினேன், வேறொரு தவறு செய்தேன். அக்டோபர் 2 அன்றுதான் உரை சரியாக அமைந்து, தீர்மானப் பதிவேட்டில் ஏறியது. அந்த மூன்று கூட்டங்களில் கற்ற முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். என்ன பேச வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்து, ஒரு முதல் வரைவும் எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னுடைய மே மாத வரைவு இது:

"எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பேசிப் பழக்கமில்லை, ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள். வந்து, நம்ம வடக்குத் தெருவில் தண்ணீர்ப் பிரச்சினை கொஞ்சம் இருக்கிற மாதிரி தெரிகிறது. தொட்டியைச் சுத்தம் செய்து ரொம்ப நாள் ஆகியிருக்கலாம் என்று நினைக்கிறேன். மோட்டார்கூட இரண்டு மாதமாகச் சரியாக ஓடவில்லை என்று சொல்கிறார்கள். கிட்டத்தட்ட நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் வருவதில்லை போல. முடிந்தால் இதைக் கொஞ்சம் கவனித்தால் நன்றாக இருக்கும்."

படி 1: ஒரு வாக்கியம், ஒரு வரி

வரைவைப் பத்தியாக வைத்துக்கொண்டு திருத்தாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் எழுதி, இரண்டு வரிகளுக்கு இடையே ஒரு வரி இடம் விடுங்கள். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால், தயக்கமும் பெரும்பாலும் அங்கேதான் வந்து ஒட்டிக்கொள்கிறது. "தெரிகிறது", "என்று நினைக்கிறேன்", "என்று சொல்கிறார்கள்", "போல", "நன்றாக இருக்கும்" என்று வரிகளின் கடைசிச் சொற்களை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். உரை எங்கே தளர்கிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்பவர் காதில் கடைசியாக விழுவதும் அந்தச் சொற்களே.

கணினியில் தேடலாமே என்று தோன்றும். நானும் முயன்றேன். "நினைக்கிறேன்" என்று தேடினால் "நினைக்கின்றேன்" அகப்படாது, ஆகவே "நினைக்கி" என்ற அளவோடு நிறுத்தித் தேட வேண்டும். "லாம்" என்று தேடினால் "ஆகியிருக்கலாம்" கிடைக்கும், கூடவே ஒவ்வொரு "எல்லாம்" என்ற சொல்லும் வந்து நிற்கும். மூன்று நிமிட உரைக்குத் தாளும் பென்சிலும்தான் சிறந்த கருவி என்பது என் உறுதியான கருத்து.

படி 2: மூன்று வகையாகக் குறியிடுங்கள்

மன்னிப்புக் கோரும் சொற்களை வட்டமிடுங்கள். "வந்து", "அதாவது", "பார்த்தீர்களென்றால்", வேலையின்றி நிற்கும் "கொஞ்சம்" ஆகிய நிரப்புச் சொற்களின் அடியில் கோடிடுங்கள். உறுதியைக் குறைக்கும் சொற்களுக்கு மேல், அதாவது "இருக்கலாம்", "போல", "மாதிரி", "கிட்டத்தட்ட", "நினைக்கிறேன்" போன்றவற்றின் மேல், கேள்விக்குறி இடுங்கள். இப்போதைக்கு எதையும் அடிக்க வேண்டாம்.

படி 3: வட்டத்தையும் கோட்டையும் அடித்துவிடுங்கள்

இந்த இரண்டையும் யோசிக்காமல் நீக்கலாம். மன்னிப்பு வாக்கியத்தை நீக்கும்போது மட்டும் பலருக்குக் கை தயங்கும், ஏனெனில் அவையடக்கம் நம் மரபு. கம்பரே தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டுத்தான் காப்பியத்தைத் தொடங்குகிறார். ஆனால் அந்த அடக்கம் பாயிரத்தில் நிற்கிறது என்பதையும், அது பொருளின் பெருமைக்கு முன் தம் சிறுமையைச் சொல்கிறதே தவிரச் சொல்லப்போகும் செய்தி உண்மையா என்ற ஐயத்தைக் கிளப்பவில்லை என்பதையும் கவனியுங்கள். "ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டால்" என்று நான் தொடங்கியபோது, என் கணக்கில் பிழை இருக்கிறது என்று நானே அவைக்கு அறிவித்துவிட்டேன். அவைக்கு மரியாதை வேண்டும் என்றால் "தலைவர் அவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

படி 4: கேள்விக்குறிகளைத் தீர்ப்பது

நான் சறுக்கிய இடம் இதுதான். ஆகஸ்ட் கூட்டத்துக்கு முன் கேள்விக்குறி இட்ட சொற்களையும் அப்படியே அடித்துவிட்டேன். "மோட்டார்கூட இரண்டு மாதமாகச் சரியாக ஓடவில்லை என்று சொல்கிறார்கள்" என்பது "மோட்டார் இரண்டு மாதமாக ஓடவில்லை" என்று ஆயிற்று. குரலும் உறுதியாகத்தான் இருந்தது. தொட்டி இயக்குபவர் எழுந்து, இடையில் பழுதுபார்த்துப் பல நாள் ஓடியதே என்று கேட்டார். அவர் சொன்னது சரி. அதன் பிறகு நான் சொன்ன வேறெதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

தயக்கச் சொல் இரண்டு காரணங்களால் வரைவுக்குள் நுழைகிறது: ஒன்று, நமக்குத் தெரியும், ஆனால் சொல்ல அச்சம், மற்றொன்று, நமக்கு உண்மையிலேயே தெரியாது. இரண்டும் தாளில் ஒரே சொல்லாகத்தான் தெரியும். ஆகவே கேள்விக்குறி இட்ட ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கான விடையை எழுதுங்கள். விடையைப் பொறுத்து மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள்.

நேரில் சென்று பார்க்கவோ எண்ணவோ முடியும் என்றால், பார்த்துவிட்டு எழுதுங்கள். "கிட்டத்தட்ட நாற்பது வீடு" என்பதை எண்ணுவதற்கு எனக்கு ஒரு மாலைப்பொழுதுதான் ஆயிற்று. தெருவில் இருப்பவை 43 வீடுகள், அவற்றில் தண்ணீர் வராதவை 31. நான் எழுதியிருந்த எண்ணே தவறு, "கிட்டத்தட்ட" என்ற சொல் அதை மறைத்துக்கொண்டிருந்தது. "சுத்தம் செய்து ரொம்ப நாள்" என்பதற்கான விடை தொட்டியின் தூணிலேயே பெயின்டில் எழுதப்பட்டிருந்தது. சுத்தம் செய்த நாள், அடுத்துச் செய்ய வேண்டிய நாள் என்று இரண்டு வரிகள். முதல் வரியில் ஜூலை 20 என்று இருந்தது, இரண்டாவது வரியில் இருந்த தேதி கடந்து பல வாரங்கள் ஆகியிருந்தன.

நேரில் பார்க்க முடியாது, ஆனால் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் யார் என்று சொல்லுங்கள். "என்று சொல்கிறார்கள்" தளர்வான முடிவு. "என்று தொட்டி இயக்குபவர் என்னிடம் சொன்னார்" உறுதியான முடிவு. இரண்டிலும் செய்தி பிறரிடமிருந்து வந்ததுதான், ஆனால் இரண்டாவதில் அதற்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அவரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுவிடுங்கள்.

இரண்டுமே இயலாவிட்டால் தயக்கச் சொல்லை விட்டுவையுங்கள், ஆனால் வாக்கியத்தின் முடிவிலிருந்து முன்னால் நகர்த்துங்கள். "குழாயில் கசிவு இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்பதைவிட, "கசிவு எங்கே என்பது தெரியவில்லை, அதைக் கண்டறிய வேண்டும்" என்பது நேர்மையாகவும் இருக்கிறது, முற்றுப்பெற்ற வாக்கியமாகவும் ஒலிக்கிறது.

படி 5: கோரிக்கை வாக்கியம்

"முடிந்தால் கொஞ்சம் கவனித்தால் நன்றாக இருக்கும்" என்பதில் யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்ற மூன்றும் இல்லை. இவற்றைச் சேர்த்தால் தயக்கம் தானாக வெளியேறிவிடும். "கேட்டுக்கொள்கிறேன்", "அவர்களே", "ஐயா" ஆகியவற்றைத் தயக்கச் சொற்கள் என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள். அவை மரியாதைச் சொற்கள். அவற்றை எடுத்துவிட்டால் உரை உறுதியாக ஒலிக்காது, அதட்டலாக ஒலிக்கும்.

அக்டோபர் 2 அன்று நான் பேசியது இது:

"தலைவர் அவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம். வடக்குத் தெருவில் 43 வீடுகள் இருக்கின்றன. அவற்றில் 31 வீடுகளுக்குக் காலையில் தண்ணீர் வருவதில்லை. வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதியிருக்கிறேன். தொட்டியைக் கடைசியாக ஜூலை 20 அன்று சுத்தம் செய்ததாகத் தூணில் எழுதியிருக்கிறது. செப்டம்பரில் 11 நாட்கள் மோட்டார் ஓடவில்லை என்று தொட்டி இயக்குபவர் என்னிடம் சொன்னார். இந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ஊராட்சி தொட்டியைச் சுத்தம் செய்து, மோட்டாரையும் பழுதுபார்க்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

படி 6: பேசிப் பதிவு செய்யுங்கள்

தாளில் இல்லாத "வந்து" வாயில் வரும். கைபேசியில் பதிவு செய்து, நிரப்புச் சொல் எந்த இடத்தில் வந்தது என்று வரைவில் ஒரு புள்ளி வையுங்கள். என் பதிவுகளில் அது பெரும்பாலும் நீண்ட வாக்கியத்தின் நடுவில், "சென்று", "இருந்ததால்" போன்ற எச்சங்களுக்குப் பின்னால் வந்தது, ஏனெனில் முடிவில் வரவேண்டிய வினைமுற்றை மனம் அந்த இடத்தில்தான் தேடிக்கொண்டிருக்கிறது. "வந்து என்று சொல்லாதே" என்று உங்களுக்கு நீங்களே கட்டளையிடுவதால் பயனில்லை. புள்ளி விழுந்த இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள், முதல் பாதிக்கு ஒரு வினைமுற்றைக் கொடுங்கள், அங்கே மூச்சு விடுங்கள். மீண்டும் பதிவு செய்தால் அந்தப் புள்ளி மறைந்திருக்கும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் ஒரு மாணவி, "இருக்கலாம்" என்பதை எல்லாம் நீக்கிவிட்டால் நெறியாளர் கோபித்துக்கொள்கிறாரே என்று எழுதியிருந்தார். நெறியாளர் பக்கமே நியாயம் இருக்கிறது. ஆய்வு முடிவைச் சொல்லும் வாக்கியத்தில் "இருக்கலாம்" என்பது சான்றின் அளவைக் குறிக்கும் சொல், அது இருக்க வேண்டும்; அதை நான்காம் படியின் மூன்றாவது வகையில் சேருங்கள். என்ன செய்தீர்கள் என்று சொல்லும் வாக்கியங்களில் மட்டும் நீக்குங்கள். "60 பேரிடம் நேர்காணல் செய்திருக்கிறேன் என்று சொல்லலாம்" என்று எழுதியிருந்தால், "60 பேரிடம் நேர்காணல் செய்தேன்" என்று மாற்றுங்கள்.

மகளிர் சுயஉதவிக் குழுச் செயலாளர் ஒருவர், தயக்கச் சொற்களை நீக்கிய பிறகு உரை 3 நிமிடத்திலிருந்து 2 நிமிடத்துக்கும் கீழே குறைந்துவிட்டது, மீதி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று கேட்டார். நிரப்ப வேண்டாம். கோரிக்கை வாக்கியத்தை மட்டும் இரண்டாம் முறை நிதானமாகச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதுபவருக்கு அந்த நேரம் தேவைப்படும்.