கடலடி மலைத்தொடரும் அகழியும்: படம் பார்த்து ஏமாற வேண்டாம்

கடலடி மலைத்தொடரை வரையச் சொன்னால், எரிமலைக் குழம்பு பீறிட்டு அடுக்கடுக்காகக் குவிந்து மலையானது போலத்தான் பலரும் வரைவார்கள். குழம்பு வெளியே வருவது உண்மைதான். ஆனால் அந்த மலைத்தொடர் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் குவியல் அல்ல, சூடு. பூமியின் மேல்பகுதி பெரிய பாறைத் தட்டுகளால் ஆனது; அங்கே புதிதாகப் பிறக்கும் தட்டு சூட்டில் உப்பி, அடர்த்தி குறைந்து, மேலே மிதக்கிறது. மலைத்தொடரை விட்டு விலகிப் போகப் போக ஆறிச் சுருங்கித் தாழ்கிறது.

எவ்வளவு தாழும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு:

```
d = 2500 + 350 × √t
```

d என்பது மீட்டரில் ஆழம். t என்பது கடல்தரையின் வயது, பத்து லட்சம் ஆண்டுகளில். இரண்டரைக் கோடி ஆண்டு வயதான தரைக்கு t = 25. வர்க்கமூலம் 5. ஆழம் 4250 மீட்டர்.

இங்கேதான் அடுத்த சறுக்கல். ஆழத்தை முடிவு செய்வது வயது, தூரம் அல்ல. அட்லாண்டிக்கில் தட்டு ஒரு பக்கம் ஆண்டுக்குச் சுமார் 1.25 செ.மீ. நகர்கிறது என்று வையுங்கள். 4250 மீட்டர் ஆழத்தைத் தொட 312 கி.மீ. போதும். கிழக்குப் பசிபிக்கில் ஆண்டுக்கு 7.5 செ.மீ. என்றால், அதே ஆழத்துக்கு 1875 கி.மீ. போக வேண்டும். அதனால்தான் அட்லாண்டிக் மலைத்தொடர் செங்குத்தாகவும் பசிபிக்கில் உள்ளது அகன்று படுத்தும் தெரிகின்றன.

செங்குத்து என்றுகூடச் சொல்லக் கூடாது! அட்லாண்டிக் கணக்கில் 312 கி.மீ.க்கு 1750 மீட்டர்தான் இறக்கம். ஆங்காங்கே மேடுபள்ளம் இருந்தாலும், சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஐந்தாறு மீட்டர். படங்களில் உயரத்தை மட்டும் பல மடங்கு இழுத்து வரைவதால் நமக்கு அது மலைச்சுவர் போலத் தோன்றுகிறது.

சரி, இதே கணக்கைக் கிழட்டுத் தரைக்கும் போடலாமா? வேண்டாம். ஏழெட்டுக் கோடி ஆண்டுகளுக்குப் பிறகு தாழ்வது மந்தமாகிவிடும். 15 கோடி ஆண்டு வயதுக்குக் கணக்கு கிட்டத்தட்ட 6800 மீட்டர் காட்டும். நிஜத்தில் அத்தகைய தரை 6000 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது.

அப்படியானால் மேற்குப் பசிபிக்கில் உள்ள மரியானா அகழி மட்டும் 10,900 மீட்டர் வரை போவது எப்படி? பூமி பிளந்ததால் அல்ல. அங்கே பழைய, குளிர்ந்த பசிபிக் தட்டு வளைந்து இன்னொரு தட்டுக்கு அடியில் இறங்குகிறது; வளையும் இடத்தில் விழும் பள்ளம்தான் அகழி. அதற்கு அடையாளமும் உண்டு. மேசை விளிம்பில் பாதி நீட்டிய பிளாஸ்டிக் ஸ்கேலின் நுனியைக் கீழே அழுத்தினால், மேசைமேல் உள்ள பகுதி சற்றே எழும்பும். அதுபோல, அகழியை நெருங்கும் தட்டு இறங்குவதற்கு முன் நூறு கி.மீ. தள்ளியே சில நூறு மீட்டர் மேலே புடைக்கிறது. வெறும் பிளவாக இருந்தால் அந்தப் புடைப்புக்கு வேலையே இல்லை.