வெளிநாடு செல்லும் நண்பனுக்கு மூன்று நிமிட வழியனுப்பு உரை எழுதும் முறை

சென்ற மாதம் என் பள்ளித் தோழன் வேலைக்காக ஜெர்மனி புறப்பட்டான். விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, மேற்கு மாம்பலத்தில் அவன் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் உறவினர், அக்கம்பக்கத்தார், அலுவலக நண்பர்கள் என ஏறத்தாழ 40 பேர் கூடினார்கள். சாப்பாட்டுக்கு முன் மூன்று நிமிடம் பேசும்படி அவனுடைய அப்பா என்னிடம் கேட்டிருந்தார். அந்தச் சிறிய உரையை நான்கு முறை திருத்தி எழுதினேன். எங்கே தடுக்கியது, எப்படிச் சரியானது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்துப் பார்த்தபோது, எனக்கு நிமிடத்துக்கு 90 சொற்கள் வந்தன. மூன்று நிமிடத்துக்கு 270 என்று கணக்கு வந்தாலும், சிரிப்புக்கும் தொண்டை அடைக்கும் இடத்துக்கும் நேரம் விட்டு 220 சொற்களோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து, ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். என் முதல் வரைவில் 'உதவும் மனம் கொண்டவன், பழகுவதற்கு இனியவன், கடின உழைப்பாளி' என்று குணங்களை அடுக்கியிருந்தேன். அவன் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் அந்தப் பத்தி பொருந்தியது. பொருந்தினால் அது பயன்படாது என்று அர்த்தம். எல்லாவற்றையும் அடித்துவிட்டு இதை எழுதினேன்:

"2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்ச மறுநாள், எங்க வீட்டுல கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. அப்பாவுக்கு முட்டி வலி, நாங்க இருந்தது நாலாவது மாடி. நீ தெருமுனை அடிபம்புல இருந்து தினமும் ஆறு குடம் தண்ணி தூக்கிட்டு வந்த. மூணு நாள். கரண்ட் வந்த அன்னைக்குத்தான் உன் தோள்ல இருந்த காயத்தைப் பார்த்தேன்."

இதில் 'உதவும் மனம்' என்ற சொல்லே இல்லை. பேச்சு வழக்கிலேயே எழுதியதையும் கவனியுங்கள்: தாளில் 'தூக்கிக்கொண்டு வந்தாய்' என்றிருந்தபோது, சத்தமாகப் படித்த ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நாக்கு தடுமாறியது.

என்னை மிக அதிகமாக அலைக்கழித்தது 'நீ, அவன், அவர்' என்ற சிக்கல்தான். இருபது ஆண்டுகளாக 'டா' போட்டே அழைத்த நண்பனை, அவன் தாத்தாவும் மேலாளரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எப்படிக் குறிப்பிடுவது? மரியாதைக்காக முழுவதையும் 'அவர்' என்று மாற்றியபோது, பணி ஓய்வு பெறும் அதிகாரி ஒருவரைப் பற்றிப் பேசுவது போல ஆகிவிட்டது. 'அவன்' என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால், பக்கத்தில் இருப்பவனைப் பற்றிப் புறம்பேசுவது போல ஒலித்தது. கடைசியில் உரையை இரண்டாகப் பிரித்தேன். நிகழ்ச்சி முழுவதையும் அவன் முகத்தைப் பார்த்து 'நீ' என்றே சொன்னேன்; பெரியவர்களை நோக்கித் திரும்பும்போது மட்டும் 'உங்கள் மகன்', 'உங்கள் பேரன்' என்றேன். உறவுப் பெயர் வந்துவிட்டால் 'அவனா, அவரா' என்ற கேள்வியே எழுவதில்லை.

பெற்றோருக்கான பகுதி இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் வேண்டாம். சம்பளத்தையும் 'எப்போது திரும்பி வருவாய்' என்பதையும் தொடாதீர்கள். இரண்டாவது கேள்விக்கு அவனிடமே விடை இருக்காது, அதை அம்மாவின் எதிரில் கேட்பது கொடுமை. நான் செய்யக்கூடிய ஒன்றைச் சொன்னேன்: மாதம் ஒருமுறை அப்பாவைக் கண் மருத்துவமனைக்கு நான் அழைத்துப்போகிறேன். உங்களால் செய்ய முடியாததைச் சொல்ல வேண்டாம், அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

முடிவில் 'போகிறாய்' என்ற சொல் வரக்கூடாது. நம் வீடுகளில் வாசலைத் தாண்டும்போது 'போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்வோம். ஆகவே கடைசி வாக்கியம் 'போய்ட்டு வா' என்று முடியட்டும். அதற்கு முன் ஒரு நேரத்தையும் குறித்துக்கொடுத்தேன்: ஞாயிறு இரவு நமக்கு எட்டு மணி என்றால் ஜெர்மனியில் கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 3.30. அந்த நேரத்தில் அழைப்பேன் என்றேன்.

கைபேசியைப் பார்த்துப் படிக்காதீர்கள். திரை அணையும், நடுவில் அழைப்பு வரும். கெட்டி அட்டைகள் மூன்றில், பெரிய எழுத்தில், கையால் எழுதிக்கொள்வதே நல்லது. மாடியில் காற்று அடித்தாலும் அட்டை மடங்காது.

பின்சேர்க்கை: இதைப் படித்த வாசகி ஒருவர், தம் கணவரின் வழியனுப்பு விழாவில் நண்பர் 'நீ, வா' என்று பேசியது தம் பெற்றோருக்கு உறுத்தியதாக எழுதியிருந்தார். நண்பருக்குத் திருமணமாகியிருந்தால், மாமனார் வீட்டார் வருகிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். வந்தால், அவர்களை நோக்கி 'உங்க மாப்பிள்ளைகிட்ட நான் எப்பவும் பேசுற மாதிரியே பேசிக்கிறேன்' என்று தொடக்கத்திலேயே ஒரு வரி அனுமதி கேட்டுவிட்டு, பிறகு 'நீ'க்குப் போங்கள்.