தேய்ந்த சோல் சொன்ன கணக்கு

ஷூ சோலில் குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருந்தால் பலரும் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலோர் கால் முதலில் தரையைத் தொடுவதே அங்கேதான். பார்க்க வேண்டியது முன்பாதம்.

நாகேஸ்வர ராவ் பூங்காவில் தினமும் நடந்து தேய்த்த என் பழைய ஷூவில் பெருவிரலுக்குக் கீழே கோடுகள் மழுங்கியிருந்தன, சுண்டுவிரல் பக்கம் அப்படியே புதுசு. மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு ஷூவும் உள்பக்கம் சாய்ந்து நின்றன. பாதம் அளவுக்கு மீறி உள்ளே சரிகிறது என்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்த அடையாளம். சோல் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

இப்படிப்பட்ட காலுக்கு மெத்துமெத்தென்ற ஷூ வாங்கினால் சரிவு கூடும். தி.நகர் கடையில் நடுசோலின் இரு பக்கத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, உள்பக்கம் கெட்டியாக இருந்த ஜோடியை எடுத்தேன். மாலையில், கால் சற்று வீங்கிய நேரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. புது ஜோடியில் நடக்க ஆரம்பித்த பிறகு, எனக்கிருந்த முழங்காலின் உள்பக்க வலி மெல்லக் குறைந்தது.

ஒரு ஷூ மட்டும் வேறு மாதிரி தேய்ந்தால் முதலில் சாலையைச் சந்தேகியுங்கள்: மழைநீர் வடிய ஓரம் சரிவாக இருக்கும், எப்போதும் ஒரே ஓரத்தில் நடப்பவர்களுக்கு இது சகஜம். சமதளத்தில் நடந்தும் மாறாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.