மேலாளரின் ஒற்றை வரியை மதிப்பீட்டுக் குறிப்பாக்கும்போது நேரும் தவறுகள்

"வேலை நல்லா பண்றார், ஆனா கம்யூனிகேஷன் சரியில்லை. ஓனர்ஷிப்பும் வேணும்." அப்ரைசல் சமயத்தில் மேலாளரிடமிருந்து ஹெச்.ஆருக்கு வருவது பல நேரம் இவ்வளவுதான்.

இதை எழுத உட்காருகிறவர் செய்யும் பெரிய தவறு, மொழியை மட்டும் மெருகேற்றுவது. "தகவல் தொடர்புத் திறனை மேம்படுத்திக்கொள்ளலாம்" என்பது மரியாதையாக இருக்கும். ஆனால் ஆங்கிலம் தடுமாறுகிறதா, மெயிலுக்குப் பதில் வருவதில்லையா, மீட்டிங்கில் வாய் திறப்பதில்லையா என்று ஊழியருக்குப் புரியாது.

எழுதுமுன் மேலாளரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். கடைசியாக இது எப்போது நடந்தது? அவர் என்ன செய்தார் அல்லது செய்யாமல் விட்டார்? அதனால் யாருக்கு என்ன ஆனது? அவர் என்ன செய்திருக்க வேண்டும்?

ஊழியர் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட், ஜனவரி ரிலீஸ்களில் டெஸ்டிங் முடியாது என்பதை டெலிவரி நாள் காலையில்தான் சொன்னார். ஜனவரியில் ரிலீஸ் இரண்டு நாள் தள்ளிப்போனது என்கிறார் மேலாளர். இங்கே கம்யூனிகேஷன், ஓனர்ஷிப் என்ற இரண்டு குறையும் உண்மையில் ஒரே குறை: தாமதத்தை முன்பே சொல்லாதது. தனித்தனியாக எழுதினால் ஒரு தவறுக்கு இரண்டு முறை மதிப்பெண் குறையும்.

பாராட்டையும் இதேபோல் தோண்ட வேண்டும். குறையை விவரமாகவும் நிறையை ஒரே வரியிலும் எழுதிவிட்டால் அது சமநிலை ஆகாது. "நல்லா பண்றார்" என்றால் எதில் என்று கேட்டால், பேமென்ட் பகுதிக்கான டெஸ்ட் கேஸ்களை அவரே முன்வந்து புதிதாக எழுதினார், குழு இன்றும் அவற்றையே பயன்படுத்துகிறது என்று தெரியவரும். பிறகு இப்படி எழுதலாம்:

"பேமென்ட் பகுதிக்கான டெஸ்ட் கேஸ்களைத் தாமே முன்வந்து புதிதாக எழுதினார், குழு இன்றும் அவற்றையே பயன்படுத்துகிறது. ஆகஸ்ட், ஜனவரி ரிலீஸ்களில் தாமதத்தை டெலிவரி நாளன்றே தெரிவித்தார். ஜனவரி ரிலீஸ் இரண்டு நாள் தள்ளிப்போனது. இனி தாமதம் வரும் என்று தெரிந்தால், டெலிவரிக்குக் குறைந்தது இரண்டு வேலை நாள் முன்பே லீடுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்த இரண்டு ரிலீஸ்களுக்குப் பின் இது பரிசீலிக்கப்படும்."

"பொறுப்பில்லாதவர்", "எப்போதும் தாமதம்" போன்ற சொற்கள் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'எப்போதும்' என்று எழுதினால், சரியான நேரத்தில் முடித்த ஒரே ஒரு ரிலீஸைக் காட்டி ஊழியர் முழுக் குறிப்பையும் மறுத்துவிடுவார்.

மேலாளருக்கு எந்தச் சம்பவமும் நினைவில்லை என்றால்? ஊகித்து ஓர் உதாரணத்தைச் சேர்ப்பது மிக மோசமான தவறு. அந்தக் குறையை எழுதாமல் விடுங்கள். அவர் சொல்வதெல்லாம் மதிப்பீட்டு ஆண்டின் கடைசி மாதங்களான பிப்ரவரி, மார்ச்சில் நடந்ததாகவே இருந்தால், ஆண்டு தொடங்கிய ஏப்ரலிலிருந்து வந்த டிக்கெட்டுகளையும் மெயில்களையும் புரட்டச் சொல்லுங்கள்.

ரேட்டிங்கையும் ஒரு முறை பாருங்கள். ஐந்துக்கு இரண்டு போட்டுவிட்டு, குறிப்பில் பாராட்டு மட்டும் இருந்தால் முதல் கேள்வி அங்கேதான் வரும். வரைவை சிஸ்டத்தில் ஏற்றுமுன் மேலாளரை உரக்கப் படிக்கச் சொல்வதும் நல்லது. ஊழியருக்கு எதிரில் உட்கார்ந்து பேசப்போவது அவர்தானே.